எங்கள் கிளினிக் வாசலில் ஒட்டிய ஒரு நோட்டீஸும், காலை ஐந்து மணிக்கு வந்த பெரியவரும்

1/
இன்னைக்கு மருந்து பத்தி இல்ல, ஒரு ஏ4 பேப்பர் பத்தி எழுதுறேன். "பார்வை நேரம் மாற்றம்" என்று நானே டைப் அடித்து, நானே கிளினிக் கதவில் ஒட்டிய நோட்டீஸ். மொத்தம் நாலு வரி. அந்த நாலு வரியால் ஒரு பெரியவரின் உயிர் போயிருக்கும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க. சர்க்கரை நோயாளி வீட்டில் இருந்தால் கண்டிப்பா படிங்க.

2/
முதலில் ஏன் நேரத்தை மாற்றினேன் என்று சொல்லிடறேன். பல வருஷமா எங்கள் ஓபி காலை 10 முதல் 1 வரை, மாலை 6 முதல் 9 வரை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருபவர்கள் பத்து மணி வரைக்கும் சாப்பிடாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. வயதானவர்கள், அதிலும் சர்க்கரை நோயாளிகள், அவ்வளவு நேரம் பட்டினி கிடப்பது நல்லதில்லை. அதனால் காலை ஓபியை ஏழு மணிக்குக் கொண்டுவந்தேன். நல்ல எண்ணம்தான். நோட்டீஸில்தான் கோட்டை விட்டேன்.

3/
நான் ஒட்டிய நோட்டீஸ் இதுதான்:

பார்வை நேரம் மாற்றம்
1.7.2024 முதல்
7 – 10, 5 – 8
ஞாயிறு விடுமுறை

எனக்கு இதில் எந்தக் குழப்பமும் தெரியவில்லை. 7 – 10 என்றால் காலை, 5 – 8 என்றால் மாலை. வேறென்ன இருக்க முடியும்? எழுதியவனுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். அதனால் பேப்பரில் இல்லாததையும் அவன் கண் சேர்த்துப் படித்துவிடுகிறது.

4/
ஜூலை 1, திங்கட்கிழமை. புது நேரத்தின் முதல் நாள். காலை 6.40க்கு எங்கள் கிளினிக் கூட்டிப் பெருக்கும் அக்காவிடமிருந்து போன். "சார், வாசப்படியில ஒரு பெரியவர் சாஞ்சு கிடக்காருங்க. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு. கூப்பிட்டா என்னமோ உளர்றாரு."

என் வீடு பக்கத்துத் தெரு. பத்து நிமிஷத்தில் போய்விட்டேன். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. பக்கத்துக் கிராமம், நாலு வருஷமா என்னிடம் பார்ப்பவர். காலை, இரவு இரண்டு வேளையும் கலவை இன்சுலின் போடுகிறவர்.

5/
விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே போனால் மூளைக்குப் போதிய சர்க்கரை கிடைக்காமல் குழப்பம் தொடங்கும். இவர் பாதி நினைவில் இருந்தார், விழுங்கச் சொன்னால் விழுங்கவில்லை. இந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். நரம்பில் ஊசி போட்டு 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏற்றினோம். அதாவது 25 கிராம் குளுக்கோஸ். பத்து நிமிஷத்தில் கண்ணைத் திறந்து, "டாக்டருங்க வந்துட்டீங்களா" என்றார்.

6/
கொஞ்சம் தெளிந்ததும் கேட்டேன், "ஏங்கய்யா, எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"வெடியால அஞ்சு மணிக்கேங்க. மொத பஸ்ஸுக்கு வந்துட்டேன்."

"ஏழு மணிக்குத்தானே திறப்போம்?"

"நீங்கதானுங்க அஞ்சு மணின்னு எழுதி ஒட்டியிருந்தீங்க. பேரன் போன்ல படம் புடிச்சுட்டு வந்து காட்டுனான். டாக்டர் இனிமே நேரமே பாக்குறாருன்னு ஊருக்குள்ள எல்லாரும் சொன்னாங்க."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

7/
அவர் பக்கம் இருந்து பாருங்க. அவர் மாடு வைத்திருப்பவர். ஐந்து மணி என்றால் பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோகும் ஐந்து மணி. நாற்பது வருஷமா அவருக்கு "அஞ்சு" என்றால் காலைதான். அதோடு, டாக்டர் இனிமேல் சீக்கிரம் வருகிறார் என்ற பேச்சும் காதில் விழுந்திருக்கிறது. 5 – 8 என்பதைக் காலை ஐந்து என்று படித்ததில் ஒரு தப்பும் இல்லை. நோட்டீஸில் அதை மறுக்க ஒரு எழுத்துகூட இல்லை.

8/
இப்போ நடந்ததை வரிசையா சொல்றேன். 4.30க்கு வீட்டில் வழக்கமான காலை இன்சுலினைப் போட்டிருக்கிறார். அவர் கணக்கு: ஐந்து மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாம். கலவை இன்சுலினில் ஒரு பகுதி அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். அதனால்தான் போட்ட அரை மணியில் சாப்பிடச் சொல்கிறோம். ஐந்து மணிக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. "டாக்டர் வர லேட்டாகுது போல" என்று உட்கார்ந்துவிட்டார். ஆறு மணிக்கெல்லாம் கை நடுங்கி வேர்த்திருக்கிறது. அதற்குப் பிறகு அவருக்கு ஞாபகமில்லை.

9/
அவர் மடியில் ஒரு தூக்குப்போசி இருந்தது. திறந்து பார்த்தால் நாலு இட்லி. வீட்டம்மா கட்டிக்கொடுத்தது. பசித்தும் சாப்பிடவில்லை. ஏன்? "வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்கீங்களே" என்றார். இட்லியை மடியில் வைத்துக்கொண்டே ஒரு மனிதர் சர்க்கரை இறங்கி மயங்கியிருக்கிறார். நடைப்பயிற்சி போன இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று நினைத்துப் போய்விட்டார்கள். தாழ்சர்க்கரையும் குடிபோதையும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வியர்வையில் நனைந்து உளறுகிறவரைப் பார்த்தால் தயவுசெய்து பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

10/
கலவை இன்சுலினின் இன்னொரு பகுதி பல மணி நேரம் வேலை செய்யும். ஒரு தடவை குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினால் வழியில் மறுபடி இறங்கலாம். அதனால் அந்த நாலு இட்லியைச் சாப்பிட வைத்து, மணிக்கொரு தடவை சர்க்கரை பார்த்து, மதியச் சாப்பாடும் சாப்பிட்ட பிறகுதான் பஸ் ஏற்றிவிட்டோம். அவர் போனதும் நான் செய்த முதல் வேலை, கதவில் இருந்த நோட்டீஸைக் கிழித்தது. இரண்டாவது வேலை, ஒழுங்கா ஒன்று எழுத உட்கார்ந்தது. அது நினைத்த அளவு சுலபமா இல்லை.

11/
முதலில் AM, PM சேர்த்தேன். சிஸ்டர் பார்த்துவிட்டு, "சார், இதை நம்ம பேஷண்ட்ல பாதிப் பேர் படிக்க மாட்டாங்க" என்றார். சரிதான். தமிழிலேயே காலை, மாலை, இரவு என்று தெளிவான சொற்கள் இருக்கும்போது எதற்கு இரண்டு ஆங்கில எழுத்து?

இன்னொரு சிக்கலும் இருந்தது. ரிப்போர்ட் கொடுப்பது பகல் பன்னிரண்டு மணிக்கு. 12 PM என்று போட்டால் சிலர் நள்ளிரவு என்று நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. AM என்பது லத்தீனில் உச்சிவேளைக்கு முன், PM என்பது உச்சிவேளைக்குப் பின். பகல் பன்னிரண்டு என்பது உச்சிவேளையேதான், முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதனால் "நண்பகல் 12.00" என்று எழுதினேன். குழப்பம் தீர்ந்தது.

12/
காலை, மாலை போட்டதும் வேலை முடிந்ததா? இல்லை. எங்கள் ஊரில் நூற்பாலைகள் இருக்கின்றன. ஒடிசா, பீகாரில் இருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் நிறைய பேர் எங்களிடம் வருகிறார்கள். தமிழ் பேசப் பழகியிருந்தாலும் படிக்கத் தெரியாது. "மாலை" என்ற சொல் அவர்களுக்குப் படம் மாதிரிதான். ஆனால் எண் தெரியும். அதில் ஒரு பையன் எனக்குத் தன் டூட்டி சீட்டைக் காட்டினான்: 22:00 – 06:00. ரயில் டிக்கெட்டிலும் அவன் பார்ப்பது இதே முறைதான். நம்ம ஊரில் "ரயில்வே டைம்" என்று சொல்கிறோமே, அந்த 24 மணி நேரக் கணக்கு. 17:30 என்று எழுதினால் எந்த மொழிக்காரருக்கும் அது காலை ஆகாது.

13/
எங்களுக்கும் இந்தக் கணக்கு புதுசு இல்லை. ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் எழுதும்போது 24 மணி முறைதான் பாதுகாப்பு. ஏன்னு ஒரு உதாரணம். "செவ்வாய்க்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்குக் கை கால் இழுத்துக்கிச்சு" என்று ஒரு வீட்டார் சொல்கிறார்கள். நம் மக்களுக்கு விடிந்தால்தான் மறுநாள். அதனால் அவர்கள் சொல்வது காலண்டர்படி புதன்கிழமை 02:00. அப்படியே "செவ்வாய் 2 மணி" என்று எழுதிவிட்டால் ஒரு நாள் பின்னால் போய்விடும். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக உள்ள அவகாசம் நாலரை மணி நேரம். அங்கே இந்த ஒரு வரி, ஊசி போடலாமா கூடாதா என்பதையே மாற்றிவிடும்.

14/
அப்போ 24 மணி முறையை மட்டும் போட்டால் போதாதா? போதாது. பழக்கம் இல்லாதவர்களிடம் அது வேறு விதமாகத் தப்பாகும். 17:00 என்பதைப் பார்த்து, கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு "ஏழு மணி" என்பார்கள். கழிக்க வேண்டியது 12, ஆனால் மனசு பத்தைக் கழித்துவிடுகிறது. படித்தவர்களும் ரயிலை விடுவது இப்படித்தான். எங்கள் பெரியவரிடம் வெறும் 17:30 என்று காட்டினால் ஏழரை மணிக்கு வந்து நிற்பார்.

ஒரு முறை ஒருத்தருக்குப் புரியும், இன்னொரு முறை இன்னொருத்தருக்கு. அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட முடிவு பண்ணினேன்.

15/
இரண்டையும் போடுவதில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் கிடைத்தது. டிடிபி கடையில் இருந்து வந்த பிரதியில் "மாலை 5.30" என்று இருந்தது, பக்கத்திலேயே "18:30" என்று இருந்தது. எங்கள் பார்மசிக்காரர் ஒரு பார்வையில் பிடித்துவிட்டார். "சார், அஞ்சரைன்னா பதினேழரைதானே?" ஒரே முறையில் அச்சாகி, அதில் 6.30 என்று தப்பு விழுந்திருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காது.

செக்கில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோமே, அதே கதைதான். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கேயோ தப்பு என்று உடனே தெரியும். செக்கில் இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்று 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டமே சொல்கிறது. என் நோட்டீஸில் முரண்பட்டால் எது சரி என்று சொல்ல அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. அதனால் அச்சடிக்கும் முன் ஒவ்வொரு வரியிலும் 12ஐக் கழித்துச் சரிபார்த்தேன்.

16/
அடுத்தது தேதி. புது நோட்டீஸ் அமலுக்கு வருவது 8.7.2024 என்று எழுதியிருந்தேன். எங்கள் நோயாளி ஒருவரின் மகள் அமெரிக்காவில் இருக்கிறார். அம்மாவுக்கு டோக்கன் போடுவது அவர்தான். அங்கே மாதத்தை முதலில் எழுதுவார்கள். அவர் கண்ணுக்கு இது ஆகஸ்ட் 7. அதுவும் வரப்போகிற தேதிதான், அதனால் தப்பு என்று சந்தேகம்கூட வராது.

மாதத்தை எழுத்தில் எழுதி, கிழமையும் சேர்த்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. "2024 ஜூலை 8, திங்கட்கிழமை". ஆகஸ்ட் 7 புதன்கிழமை. காலண்டரைப் பார்க்கிற யாருக்கும் எது என்று தெரிந்துவிடும்.

17/
இன்னொன்று, "முதல்" என்று மட்டும் போட்டால் அதுவரைக்கும் என்ன என்ற கேள்வி நிற்கும். நோட்டீஸைப் பார்த்த அன்றே புது நேரத்துக்கு வந்துவிடுவார்கள். பழைய நேரம் எந்த நாளோடு முடிகிறது என்பதையும் ஒரு வரி எழுத வேண்டும்.

அதே மாதிரி "8.30 வரை" என்றால் என்ன? எட்டரைக்கு வந்தால் பார்ப்பீர்களா, எட்டரைக்கு டாக்டர் கிளம்பிவிடுவாரா? தினமும் எட்டு இருபத்தைந்துக்கு ஒருவர் ஓடி வந்து சண்டை போடுவது இதனால்தான். கடைசி டோக்கன் நேரத்தைத் தனியாகப் போட்டேன்.

18/
காலையில் ரத்தம் எடுப்பவர் அரை மணி முன்னதாக வர ஒப்புக்கொண்டார். பதிலுக்கு மாலை ஓபியை அரை மணி தள்ளி வைத்தோம். கடைசியில் கதவில் ஏறியது இது:

பார்வை நேரம் மாற்றம்
2024 ஜூலை 8, திங்கட்கிழமை முதல்

சாப்பிடாமல் வருபவர்களுக்கு ரத்தம் எடுக்கும் நேரம்
காலை 6.30 முதல் காலை 9.00 வரை (06:30 – 09:00)

டாக்டர் பார்க்கும் நேரம்
காலை 7.00 முதல் காலை 10.00 வரை (07:00 – 10:00)
மாலை 5.30 முதல் இரவு 8.30 வரை (17:30 – 20:30)

கடைசி டோக்கன்
காலை 9.30 (09:30), இரவு 8.00 (20:00)

ரிப்போர்ட் கிடைக்கும் நேரம்
நண்பகல் 12.00 (12:00)

ஞாயிறு விடுமுறை.
ஜூலை 6, சனிக்கிழமை வரை இப்போதுள்ள நேரமே.

சாப்பிடாமல் ரத்தம் கொடுக்க வருபவர்கள் காலை இன்சுலினையோ சர்க்கரை மாத்திரையையோ வீட்டில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். கையில் கொண்டு வாருங்கள். ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளலாம்.

19/
கவனித்துப் பார்த்தால் சில சின்ன விஷயங்கள் தெரியும். சொல்லோடு வரும் நேரத்தில் புள்ளி (5.30), 24 மணி நேரத்தில் முக்காற்புள்ளி (17:30). காலை நேரத்துக்கு முன்னால் சுழியம் (07:00), அதைப் பார்த்தாலே இது ரயில்வே கணக்கு என்று தெரியும். "காலை" என்பதை வரியின் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேன். ஒரு தடவை போட்டால் போதும் என்று டிடிபி பையன் சொன்னான். இருக்கட்டும் தம்பி, இடம் இருக்கு என்றேன்.

20/
கடைசி வரி, இன்சுலின் பற்றியது, நேரத்தோடு சம்பந்தமில்லாதது மாதிரி தெரியும். ஆனால் அந்த நாள் பெரியவரை விழவைத்தது இரண்டு தப்பு சேர்ந்து. நேரம் தப்பு ஒன்று. வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு வரும்போது காலை மருந்தை எப்போது போடுவது என்று நான் அவரிடம் தெளிவாகச் சொல்லாதது இன்னொன்று. ஒன்று மட்டும் நடந்திருந்தால் அவர் ரெண்டு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து என்னைத் திட்டியிருப்பார், அவ்வளவுதான்.

(இது காலை மருந்துக்கு மட்டும். இரவு போடும் நீண்ட நேர இன்சுலினை நீங்களாக நிறுத்த வேண்டாம், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.)

21/
ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். வெயிட்டிங்கில் இருந்த மூன்று பேரிடம் நோட்டீஸைக் காட்டி, "புரியுதா?" என்று கேட்கவில்லை. புரியுதா என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வர்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்னைப் பார்க்கணும்னா எப்போ வருவீங்க?" என்று கேட்டோம். இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள். மூன்றாவது அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவருக்கு எந்த நோட்டீஸும் உதவாது. அதனால் டோக்கன் போடப் போன் பண்ணுபவர்களிடம் "சாயங்காலம் அஞ்சரை" என்று முழுசாகச் சொல்லவும், வெறும் "அஞ்சரை" என்று சொல்லக் கூடாது என்றும் சிஸ்டரிடம் சொல்லிவைத்தேன்.

22/
இரண்டு வாரம் கழித்து அந்தப் பெரியவர் வந்தார். காலை 6.30க்குச் சரியாக. இன்சுலின் பேனா பையில், தூக்குப்போசி கையில். நோட்டீஸைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார், "மாலைன்னு நல்லா போட்டுட்டீங்க. அந்தப் பதினேழு முப்பது யாருக்குங்க?"

அவருக்குப் பின்னால் மில் பையன் ஒருவன் காய்ச்சலோடு நின்றிருந்தான். அவனைக் காட்டினேன். பெரியவர் திரும்பி அவனைப் பார்த்துவிட்டு, "அப்ப சரிங்க" என்றார்.

23/
உங்கள் கடை, ஆபீஸ், கிளினிக் வாசலில் இருக்கும் நேரப் பலகையை இன்னைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. உங்களைத் தெரியாத ஒருத்தர் விடியற்காலை ஐந்து மணிக்கு அதைப் படிப்பதாக நினைத்துப் பாருங்க. அவர் அங்கே உட்காருவாரா, வீட்டுக்குப் போவாரா?

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒன்று. பரிசோதனைக்குக் கிளம்பும்போது பையில் கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி வேர்த்தால், பரிசோதனை கெட்டுவிடுமே என்று யோசிக்காமல், மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. ரத்தத்தை நாளைக்குக்கூட எடுத்துக்கொள்ளலாம்.